கோழிக் கிரேவியைப் படம் எடுக்க: துண்டு தெரிய வேண்டும், அளவு மாறக் கூடாது

“வீட்டுச் சமையலறையில் சமைத்து டெலிவரி ஆப் வழியாக விற்கிறோம். கோழிக் கிரேவியைப் போனில் எடுத்தால் வெறும் பழுப்பு நிறமாகத் தெரிகிறது, துண்டே கண்ணில் படவில்லை. வெளியாள் ஒருவரை வைத்து எடுத்த படத்தைப் போட்டோம். பார்க்க அருமையாக இருந்தது, ஆனால் ‘படத்தில் இருந்த அளவு வரவில்லை’ என்று புகார் வந்தது. போனை வைத்தே, சாப்பிடத் தோன்றுகிற மாதிரியும் உண்மையாகவும் எடுக்க வழி இருக்கிறதா?”

வழி இருக்கிறது. துண்டு தெரியாததற்கும் அளவு பற்றி வந்த புகாருக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றேதான்: உணவை எந்தக் கிண்ணத்தில் ஊற்றினார்கள் என்பது. வெளிச்சமும் கேமராவும் அதற்கு அடுத்துத்தான். அதனால் கிண்ணத்திலிருந்தே தொடங்குகிறேன். கிரேவி வகைகள்தான் படம் எடுக்க மிகக் கடினமானவை. இதில் கை பழகிவிட்டால் மற்றவை எளிது.

சமைத்த இறைச்சித் துண்டு கிரேவியில் மிதக்காது, அடியில் உட்காரும். ஆழமான கிண்ணத்தில் ஊற்றினால் கேமராவுக்குக் கிடைப்பது மேற்பரப்பு மட்டும். இதைச் சமாளிக்கத் தொழில்முறையில் பல காலமாக ஒரு குறுக்குவழி உண்டு. கிண்ணத்தின் அடியில் ஏதாவது ஒன்றை வைத்து, துண்டுகளை அதன் மேல் ஏற்றிவிடுவார்கள். கவிழ்த்த சிறு கிண்ணம், நனைத்த பஞ்சு, பிசைந்த உருளைக்கிழங்கு என்று எதுவும் இருக்கலாம். அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் நிறுவனம் விளம்பரப் படத்துக்காகச் சூப் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டது. காய்த்துண்டுகள் எல்லாம் மேலே வந்து நின்றன. சூப்பில் உண்மையில் இருப்பதைவிட அதிகக் காய் இருப்பதாக அந்தப் படம் காட்டுகிறது என்று அந்நாட்டின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 1970-இல் அந்த முறையைக் கைவிட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தக் கிண்ணத்தில் இருந்த சூப் உண்மையானது, காயும் உண்மையானது. பொய்யாக இருந்தது அவற்றின் விகிதம் மட்டும்தான். உங்களுக்கு வந்த புகாரும் அந்த வகையைச் சேர்ந்ததாகவே தெரிகிறது. எடுத்தவர் ஒன்றரை ஆர்டர் அளவை ஊற்றியிருக்கலாம், அல்லது அடியில் எதையாவது வைத்திருக்கலாம்.

துண்டுகளை நேர்மையாக மேலே கொண்டுவர, கிரேவியின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். உங்கள் ஒரு ஆர்டர் 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறு துண்டுகள் சேர்ந்து 180 கிராம், கிரேவி 220 கிராம். மொத்தம் ஏறக்குறைய 400 மில்லி இடத்தை அடைக்கும். உள்விட்டம் 12 செ.மீ. உள்ள, நேர்ச்சுவர் கிண்ணத்தில் இதை ஊற்றினால் கிரேவி மூன்றரை செ.மீ. உயரத்துக்கு நிற்கும். துண்டுகளின் உயரமும் மூன்று, மூன்றரை செ.மீ.தான். ஆகவே எல்லாம் மூழ்கிவிடும். அதே 400 மில்லியை 16 செ.மீ. உள்விட்டமுள்ள தட்டையான கிண்ணத்தில் ஊற்றினால் உயரம் 2 செ.மீ. மட்டுமே வரும். ஒவ்வொரு துண்டும் ஒரு செ.மீ.க்கு மேல் வெளியே நிற்கும். ஒரு துண்டுகூடக் கூடவில்லை, அடியில் எதையும் வைக்கவில்லை, ஆனாலும் ஆறு துண்டையும் எண்ண முடியும். உங்கள் துண்டு சிறியதாக இருந்தால், அதன் உயரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை கிரேவி நிற்கும்படி கிண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள். கணக்குப் போட விருப்பமில்லையென்றால், ஒரு ஆர்டர் அளவு தண்ணீரை அளந்து, கையில் இருக்கும் கிண்ணங்களில் ஊற்றி, அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். சரிவான சுவருள்ள கிண்ணத்துக்குத் தண்ணீர் முறைதான் நம்பகமானது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. அகலக் கிண்ணம் நிரம்பியிருப்பதைப் பார்க்கிறவர், ஆழமும் அதற்கேற்றபடி இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அப்படியானால் அளவைப் பற்றிய பொய்யை வேறு வாசல் வழியாக உள்ளே விட்டதாகிவிடும். அதைத் தடுக்க இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, கிண்ணத்தின் விளிம்பும் உள்சுவரும் படத்தில் தெரிய வேண்டும். கிரேவிக்கு மேலே ஒன்று, ஒன்றரை செ.மீ. சுவர் காலியாகத் தெரிந்தால், கிண்ணம் எவ்வளவு ஆழம், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தானாகப் புரியும். இரண்டு, எல்லோருக்கும் அளவு தெரிந்த பொருள் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். சாதாரணச் சாப்பாட்டுக் கரண்டி போதும். டீஸ்பூனை வைக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கிண்ணம் பெரிதாகத் தெரியும். சோறோ ரொட்டியோ தனியாக விற்பதாக இருந்தால் படத்துக்குள் கொண்டுவராதீர்கள். விவரக் குறிப்பில் ‘சோறு தனி’ என்று எழுதியிருந்தாலும் பலர் அதைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள்.

எந்த உணவை எடுப்பது என்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். படத்துக்கென்று தனியாகச் சமைக்காதீர்கள். வழக்கமாகச் சமைக்கிற அளவில் ஒரு பாத்திரம் சமைத்து, வழக்கமாக டப்பாவில் போடுகிறவரையே ஒரு ஆர்டர் போடச் சொல்லுங்கள். அதைத் தராசில் வைத்து, துண்டுகளையும் கிரேவியையும் தனித்தனியே எடைபோட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை மூன்று ஆர்டருக்குச் செய்து பார்த்தால், உங்கள் சமையலறையிலேயே ஆர்டருக்கு ஆர்டர் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரியும். மூன்றில் குறைவாக இருப்பதைப் படத்துக்கு அளவாகக் கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் படத்தைவிடக் குறைவாகப் போவது அரிதாகிவிடும். துண்டுகளைப் பொறுத்தவரை, பாத்திரத்தில் இருப்பதில் உடையாத, வடிவான துண்டுகளைப் பொறுக்கிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் வழக்கமான ஆர்டரில் இரண்டு எலும்புத் துண்டு வரும் என்றால் படத்திலும் இரண்டு எலும்புத் துண்டு இருக்க வேண்டும். ஆறும் நெஞ்சுத் துண்டாக அடுக்கிய படம், எடை சரியாக இருந்தாலும், வேறு ஒரு உணவின் படம்.

அடுத்தது வெளிச்சம். உணவைக் கிண்ணத்தில் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் கிரேவி காத்திருக்காது. அதே கிண்ணத்தில், ஏறக்குறைய அதே நிறமுள்ள மிச்சக் குழம்பையோ சாஸையோ ஊற்றி, வெளிச்சம் பார்ப்பதற்கென்று மட்டும் வையுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்று போதும். வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியையோ பட்டர் பேப்பரையோ ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். அறையின் டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் கிண்ணத்தின் ஒரு பக்கம் நீலம் கலந்தும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், பிறகு சாதாரணத் திருத்தத்தால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. இரவில்தான் எடுக்க வேண்டும் என்றால் எல்இடி விளக்கின் அட்டையில் சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண் அது. 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. மலிவான விளக்குகளில் சிவப்பு குறைவாக இருக்கும், அந்த வெளிச்சத்தில் தக்காளியும் மிளகாயும் போட்ட எந்தக் கிரேவியும் மண் நிறமாகவே தெரியும். உங்கள் படங்களில் கிரேவி பழுப்பாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போனின் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கேமராவின் பக்கத்திலிருந்தே வரும் வெளிச்சம் துண்டுகளின் நிழலை அழித்துவிடுகிறது, நிழல் போனால் மேடுபள்ளம் தெரியாது.

ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? கிண்ணத்தைக் கடிகார முகமாக நினைத்து, நீங்கள் ஆறு மணி இடத்தில் நின்றால், ஜன்னல் பத்து மணிக்கோ இரண்டு மணிக்கோ இருக்கட்டும். பன்னிரண்டில் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கிரேவியின் மேற்பரப்பில் எண்ணெய் இருக்கிறது, அது கண்ணாடி போல வேலை செய்யும். நீங்கள் 40 டிகிரி சாய்விலிருந்து பார்த்தால், எதிர்ப்பக்கத்தில் அதே 40 டிகிரி உயரத்தில் என்ன இருக்கிறதோ அது கிரேவியின் மேல் தெரியும். அங்கே ஜன்னல் இருந்தால் கிரேவியின் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். வெள்ளைச் சுவர் இருந்தால் திட்டாகத் தெரியாது, அதற்குப் பதில் முழுப் பரப்பிலும் லேசான வெளிறல் படர்ந்து, நிறம் செத்துப்போகும். கிரேவிப் படங்கள் சாம்பல் பூத்தது போல வருவதற்கு இது மிகப் பொதுவான காரணம், பலர் இதைக் கேமராவின் குறையாக நினைக்கிறார்கள். மருந்து எளிது. கிண்ணத்துக்குப் பின்னால், படத்துக்குள் வராதபடி, ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்து மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் பாருங்கள். ஓர் இடத்தில் கிரேவியின் நிறம் சட்டென்று ஆழமாகிவிடும். கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். அங்கேயே நிறுத்திவிடுங்கள். நிறத்தைக் கூட்டாமலேயே நிறம் வந்துவிட்டது, எதையும் பொய்யாகச் சேர்க்கவில்லை. ஜன்னலுக்கு எதிர்ப் பக்கத்தில், அதாவது ஜன்னல் பத்தில் இருந்தால் நான்கு மணிவாக்கில், இரண்டில் இருந்தால் எட்டு மணிவாக்கில், வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை ஒரு அடி தூரத்தில் நிறுத்தினால் நிழலுக்குள் இருக்கும் துண்டும் தெரியும். அட்டையை மிக நெருக்கி வைத்தால் நிழல் முற்றிலும் போய், படம் மறுபடி தட்டையாகிவிடும்.

வெளிச்சம் முடிந்த பிறகு உணவுக்கு வருவோம். எடைபோட்ட ஆர்டரை மிதமாகச் சூடாக்குங்கள், கொதிக்க விட வேண்டாம். துண்டுகளை இடுக்கியால் தனியே எடுத்து ஒரு தட்டில் வையுங்கள். சுத்தமான கிண்ணத்தில் முதலில் கிரேவியில் பாதியை ஊற்றி, அதன்மேல் துண்டுகளை உட்கார வையுங்கள். எலும்புத் துண்டு பின்னால், பெரிய துண்டு நடுவில் கொஞ்சம் விலகி, மற்றவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். ஒவ்வொரு துண்டிலும் வதங்கிய பக்கம் அல்லது மசாலா ஒட்டிய பக்கம் ஜன்னலைப் பார்க்கட்டும். வட்டமாக, சம இடைவெளியில் அடுக்கினால் யாரும் சாப்பிட நினைக்கும் உணவு போல இருக்காது, காட்சிப்பொருள் போலிருக்கும். பிறகு மீதிக் கிரேவியைச் சிறு கரண்டியால் துண்டுகளுக்கு இடையே விடுங்கள். மேலே ஊற்றாதீர்கள், ஊற்றினால் துண்டின் வடிவம் போய்விடும். எடைபோட்டது முழுவதும் கிண்ணத்துக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். படத்துக்காகக் கிரேவியைக் குறைத்து ஊற்றுவதும் அளவைத் திரிப்பதுதான். விளிம்பில் தெறித்ததை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், ஒரே திசையில் துடையுங்கள்.

பளபளப்புக்குப் பாத்திரத்தின் மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயையே அரை டீஸ்பூன் எடுத்து, வெதுவெதுப்பாக, சிறு தூரிகையால் துண்டுகளின் மேல்முகத்தில் தொட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் ஏற்கெனவே உணவில் இருந்தது, வாடிக்கையாளரின் டப்பாவிலும் இருக்கும். கிளிசரின், நிறப்பொடி கலந்த தண்ணீர், சோப்புக் குமிழி போன்ற சங்கதிகள் படத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவை எதுவும் ஆர்டரில் போகப்போவதில்லை என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். இறைச்சியை அரைவேக்காட்டில் எடுத்தால் சுருங்காமல் கொழுகொழுவென்று இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வெந்த துண்டு சுருங்கிப் போகும், அந்தச் சுருக்கத்தைத்தான் வாடிக்கையாளர் ‘துண்டு சின்னது’ என்று எழுதுவார். மேலே தூவும் தழையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, கடைசி நொடியில் வையுங்கள். சூட்டில் ஓரிரு நிமிடத்திலேயே துவளத் தொடங்கும், இன்னும் கொஞ்ச நேரத்தில் பச்சை மங்கி ஆலிவ் நிறமாகிவிடும். புளிப்புள்ள கிரேவியில் அது இன்னும் வேகமாக நடக்கும். எவ்வளவு தூவுவது? ஆர்டரில் எவ்வளவு போகிறதோ அவ்வளவு. ஆர்டரில் தழையே போடுவதில்லையென்றால் படத்திலும் வேண்டாம், அல்லது இன்றிலிருந்து ஆர்டரிலும் போடத் தொடங்குங்கள். பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான் நல்லது.

கிண்ணத்தை வெளிச்சத்தில் வைத்த நேரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து நிமிடம் உங்களுக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு மேலே மெல்லிய ஆடை படரும், எண்ணெய் விளிம்புக்கு ஒதுங்கி வளையமாக நிற்கும், கொழுப்பு ஆறி மங்கும். ஆடை படர்ந்ததைக் கண்டுபிடிக்க, கிண்ணத்தை லேசாகத் தட்டுங்கள். பளபளப்பு அசையாமல் சுருக்கம் விழுந்தால் ஆடை வந்துவிட்டது என்று பொருள். ஒரு டீஸ்பூன் சூடான கிரேவியை அந்த இடத்தில் விட்டுக் கரண்டி முனையால் மெல்லத் தள்ளினால் கலைந்துவிடும். இரண்டாவது முறையும் படர்ந்தால் போராட வேண்டாம், எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொட்டிச் சூடாக்கி மறுபடி அடுக்குங்கள். ஆவி பறப்பதைக் காட்ட வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். பின்வெளிச்சமும் இருண்ட பின்னணியும் இருந்தால் தானாகத் தெரியும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கணினியில் ஒட்டிய ஆவி, அரைமணி நேரம் கழித்து வரப்போகிற உணவுக்கு நியாயமாக இல்லை.

போனில் ஜூம் ‘1x’ என்று இருப்பது அகலப் பார்வை. அதை வைத்து நெருங்கிப் போய் எடுத்தால் முன்னால் இருக்கும் துண்டு பூதாகரமாகவும் பின்பக்கம் ஒடுங்கியும் வரும், கிண்ணமும் நீள்வட்டமாக இழுபடும். ‘2x’ வைத்து இரண்டு மூன்று அடி பின்னால் நில்லுங்கள், துண்டுகளின் அளவு ஒன்றுக்கொன்று சரியாக வரும். உணவை ‘0.5x’ வைத்து எடுக்கவே கூடாது. உயரக் கோணம் 35 முதல் 45 டிகிரி, அதாவது மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கிண்ணத்தைப் பார்க்கும் கோணம். நேர் மேலிருந்து எடுத்தால் துண்டுகளின் உயரம் போய்விடும், ஆழமும் தெரியாது. அளவை மறைக்க மிக வசதியான கோணம் அது என்பதால் கிரேவிக்கு அதைத் தவிர்க்கச் சொல்வேன். போனை டிரைபாடிலோ, அடுக்கிய பெட்டிகளின் மேல் சாய்த்தோ நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் துண்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகசும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும் வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது. பூட்டிய பிறகு போனிலேயே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் குறையுங்கள். சிவந்த கிரேவியில் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும், அந்த இடத்தில் மசாலாவின் சொரசொரப்பு எல்லாம் அழிந்து வழுவழுவென்ற ஆரஞ்சுத் திட்டு மட்டும் நிற்கும். மொத்தப் படமும் சற்றே இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை, பிறகு தூக்கிக்கொள்ளலாம். வழிந்துபோன சிவப்பை மீட்க முடியாது. உணவுக்கென்று போனில் இருக்கும் ‘ஃபுட்’ பயன்முறை, போர்ட்ரெய்ட் பயன்முறை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். முதலாவது நிறத்தைத் தானாகக் கூட்டிவிடும், இரண்டாவது கிண்ணத்தின் விளிம்பைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

முதல் படத்தை எடுக்கும்போது கிண்ணத்தின் பக்கத்தில், நிறம் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டையோ, அது இல்லையென்றால் சுத்தமான வெள்ளைக் காகிதத்தையோ வைத்து எடுத்துவிட்டுப் பிறகு அதை விலக்குங்கள். நீலம் கலந்த மிக வெளுப்பான காகிதங்கள் உண்டு, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், சாதாரணக் காகிதமே இதற்குப் போதும். திருத்தும்போது ஒயிட் பேலன்ஸ் கருவியால் அந்தக் காகிதத்தைத் தொட்டால் நிறம் சரியாக உட்காரும், அதே அமைப்பை மற்றப் படங்களுக்கும் போடலாம். அதற்குப் பிறகு செய்யக் கூடியது கொஞ்சம்தான்: மொத்த வெளிச்சம், சிறிது கான்ட்ராஸ்ட், வெட்டு, விளிம்பில் விடுபட்ட ஒரு துளி. நிறங்களின் அடர்த்தியைக் கூட்டும் ‘சாச்சுரேஷன்’ பக்கம் போகாதீர்கள். துண்டுகளை நகலெடுத்து ஒட்டுவது, கிரேவியை மட்டும் தேர்ந்து சிவப்பாக்குவது, துண்டைப் பெரிதாக்குவது ஆகியவை திருத்தம் இல்லை, வேறு உணவைக் காட்டுவது. எல்லை எங்கே என்று குழப்பம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. போனின் திரை வெளிச்சத்தை நடுவில் வைத்து, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்திவிட்டு, படத்தையும் பாத்திரத்தில் இருக்கும் சூடான கிரேவியையும் அதே ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கேளுங்கள்: எது அதிகச் சிவப்பு? படம்தான் என்று அவர் தயங்காமல் சொன்னால் குறைத்துவிடுங்கள். தயங்கினால் போதும்.

வெட்டும்போது ஆப்பின் பட்டியலை மனதில் வையுங்கள். அங்கே உங்கள் படம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். ஒவ்வொரு ஆப்பும் வேறு வேறு விகிதத்தில் வெட்டும், ஒரே ஆப் பட்டியலில் ஒரு மாதிரியும் உள்ளே வேறு மாதிரியும் காட்டும். விகிதமும் குறைந்தபட்ச அளவும் அந்தந்த ஆப்பின் விற்பனையாளர் பக்கத்தில் எழுதியிருக்கும், அவ்வப்போது மாறவும் செய்யும் என்பதால் பதிவேற்றும் நாளில் பாருங்கள். எடுக்கும்போதே நான்கு பக்கமும் கிண்ணத்தின் கால்பங்கு அளவுக்கு வெற்றிடம் விட்டு எடுத்துவிட்டால் எந்த வெட்டுக்கும் ஈடுகொடுக்கும். பின்னணி ஒரே நிறமாக, மெருகில்லாததாக இருக்கட்டும். பழுப்பு கிரேவிக்குப் பழுப்பு மரப்பலகை வைத்தால் சின்ன அளவில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெளிர்சாம்பல் அல்லது மங்கிய நீலம் கிரேவியைத் தனியே எடுத்துக்காட்டும். முடித்த படத்தை இரண்டு செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிக் கை நீட்டிய தூரத்தில் பாருங்கள். துண்டுகள் துண்டுகளாகத் தெரிகிறதா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி. தெரியவில்லையென்றால் கருவியில் சரிசெய்ய முயலாமல் கிண்ணத்துக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் கிரேவி அரை செ.மீ. அதிகமாக நிற்கும், அல்லது நிழலே இல்லாமல் வெள்ளை அட்டை நெருங்கி நிற்கும்.

பதிவேற்றுவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. அதே எடையில் இன்னொரு ஆர்டரை வழக்கமான டப்பாவில் போட்டு, மூடி, பையில் வைத்து, முப்பது நிமிடம் கழித்துத் திறந்து, படத்தோடு ஒப்பிடுங்கள். டப்பாவில் துண்டுகள் மூழ்கியிருக்கும், அது இயல்பு. டப்பா ஆழமானது, வாடிக்கையாளருக்கும் அது தெரியும். ஆனால் அதைக் கரண்டியால் ஒரு தட்டில் கொட்டினால் படத்தில் இருக்கிற எண்ணிக்கையில், ஏறக்குறைய அதே பருமனில் துண்டுகள் வர வேண்டும், நிறமும் கிரேவியின் கெட்டித்தன்மையும் ஒத்துப்போக வேண்டும். முப்பது நிமிடத்தில் கிரேவி தடித்துப் போகிறதென்றால் படத்துக்கும் அந்தத் தடிப்பையே எடுங்கள். தழை கறுத்துக் கிரேவிக்குள் கரைந்துவிட்டால் அதைத் தனிச் சிறு பொட்டலமாக அனுப்பலாம், அல்லது படத்திலிருந்து எடுத்துவிடலாம். மேலே விடும் கிரீமுக்கும் இதேதான். படத்தில் வெள்ளைச் சுழியாக இருந்து, டப்பாவில் கலந்து நிறமே மாறிவிடுகிறதென்றால் படத்தில் சுழி இருக்கக் கூடாது. இந்த ஒப்பீட்டில் சமையலைப் பற்றியும் ஏதாவது வெளிப்படும். எண்ணெய் பிரிந்து டப்பா மூடியெல்லாம் ஒட்டியிருந்தால் அது படத்தால் தீரக் கூடிய பிரச்சினை இல்லை, அடுப்பில் தீர்க்க வேண்டியது.

பொரித்த வகைகளுக்கு ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே சிக்கல் அளவில் வராது, மொறுமொறுப்பில் வரும். எண்ணெயிலிருந்து எடுத்த நொடியில் இருக்கிற தோல், மூடிய டப்பாவின் ஆவியில் அரைமணி நேரம் இருந்தால் நமத்துவிடும். அதைப் படம் எடுக்கும் முன் டப்பாவில் காற்றுத் துளை இருக்கிறதா, சாஸ் தனியே போகிறதா என்று பாருங்கள். சாஸ் தனியே போனால் படத்திலும் தனிக் கிண்ணத்தில்தான் இருக்க வேண்டும்.

எடைபோட்ட குறிப்பைப் படத்தின் கோப்புப் பெயரோடு சேர்த்து வையுங்கள்: உணவின் பெயர், தேதி, துண்டுகளின் எண்ணிக்கை, துண்டின் எடை, மொத்த எடை. ‘படத்தில் இருந்த அளவு இல்லை’ என்று அடுத்த முறை யாராவது எழுதினால், அன்றைய ஆர்டரை இதோடு ஒப்பிட்டு, தவறு டப்பா போட்டவரிடமா படத்திலா என்று உடனே தெரிந்துகொள்ளலாம். துண்டின் எடையையோ டப்பாவையோ செய்முறையையோ மாற்றினால், விலையைத் திருத்துகிற அன்றே படத்தையும் மறுபடி எடுத்துவிடுங்கள். வெளிச்சமும் கிண்ணமும் முன்பே முடிவாகிவிட்டதால் இரண்டாவது முறை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.